தூரம் பிங்கைக் கூட்டும், குதிக்க வைக்காது

“ஆட்டத்துக்கு நடுவுல பிங் 40-லேருந்து 300-க்குப் போகுது. சர்வர் சிங்கப்பூர்ல இருக்கு, ஒண்ணும் பண்ண முடியாது.”

இது தவறு. தூரம் மாறாதது, அதனால் வரும் தாமதமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 40 என்றால் எப்போதும் 40-ஐ ஒட்டித்தான் நிற்க வேண்டும். திடீரென 300 என்றால், டேட்டா வழியில் எங்கோ வரிசையில் காத்து நிற்கிறது. எங்கே என்று பார்க்க, விளையாடும்போதே விண்டோஸில் இரண்டு Command Prompt ஜன்னல்களில் இவற்றை ஓட விடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதலாவது உங்கள் ரவுட்டர் (சிலருக்கு முகவரி வேறாக இருக்கும்). லேக் வரும் நொடியில் அதுவே 2-லிருந்து 200-க்குத் தாவினால் கோளாறு வைஃபையில். கேபிள் போட்டுப் பாருங்கள்.

ரவுட்டர் அசையாமல் இரண்டாவதான கூகுள் சர்வர் மட்டும் தாவினால், வீட்டில் யாராவது போட்டோ, வீடியோ அப்லோட் செய்கிறார்களா பாருங்கள். நிறுத்தியதும் இறங்கினால் அப்லோட்தான் காரணம். “பெரிய பிளானுக்கு மாறு” என்பது இதற்குப் பாதி மருந்து. ரவுட்டரில் டேட்டா வரிசையைக் கட்டுப்படுத்தும் SQM வசதி இருந்தால், அப்லோட் வேகத்துக்குச் சற்றுக் கீழே வரம்பு வைப்பது மேல்.

இரண்டுமே அசையாமல் ஆட்டம் மட்டும் தடுமாறினால் சர்வரையோ, அதற்குப் போகும் பாதையையோ சந்தேகப்படலாம். எது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

மொபைல் டேட்டாவில் ஆடுபவர்களுக்கு: உங்கள் கதை வேறு, அங்கே டவர் நெரிசலும் சேரும்.