உப்பில் என்ன கலப்படம்? ஒரு விதி தன் தாய்ச்சட்டத்தைத் தாண்டிய கதை

அரசு ஒரு விதி போட்டுவிட்டால் அதுதான் சட்டம், அதோடு பேச்சு முடிந்தது என்று படித்தவர்களே நினைக்கிறார்கள். அப்படி இல்லை, விதி தனக்கு அதிகாரம் கொடுத்த தாய்ச்சட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் உப்பு. நான் தூத்துக்குடிக்காரன். வக்கீல் தொழிலுக்கு வந்த பிறகும் எங்கள் ஊர் உப்பு என்னை விடவில்லை.

2005 நவம்பரில் மத்திய அரசு உணவுக் கலப்படத் தடை விதிகளில் 44-I என்று ஒரு விதியைச் சேர்த்தது. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் நேரடியாக உண்பதற்காக யாரும் விற்கக் கூடாது, விற்பதற்காகக் கடையில் வைத்திருக்கவும் கூடாது என்பது அதன் சாரம். 2006 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இதே போன்ற தடை 1998ல் வந்து, 2000ல் விலக்கப்பட்டு, மறுபடி திரும்பிய கதை இது.

அந்த நாட்களில் ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி என் சீனியர் அலுவலகத்துக்கு வந்தார். கடை வாசலில் கல்லுப்பு மூட்டையை வைத்து, படியில் அளந்து விற்பவர். அதற்காக வழக்குப் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: "வக்கீலய்யா, உப்புல தண்ணி கலந்தேனா, சுண்ணாம்பு கலந்தேனா? கடல்லருந்து வந்தத அப்படியே விக்கேன். இதுல என்னய்யா கலப்படம்?"

அவருடைய பயம் வெறும் பயம் இல்லை. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தில், விதியால் தடை செய்யப்பட்ட உணவை விற்றாலும் பொதுவாகக் குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை. நாடாளுமன்றம் விவாதித்து ஓட்டுப் போட்ட பிரிவு அல்ல, அமைச்சகத்தில் எழுதி அரசிதழில் வெளியிட்ட ஒரு வாக்கியம் ஒரு கடைக்காரரைச் சிறைக்கு அனுப்பலாம். அதனால்தான் அந்த வாக்கியத்தை எழுத அவர்களுக்கு அதிகாரம் இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்த்தே ஆக வேண்டும் என்கிறேன்.

எப்படிப் பார்க்கும்? என் சீனியர் ஒரு முழுத்தாளை நடுவில் மடிப்பார். இடது பாதியில் விதி. வலது பாதியில், அந்த விதியைப் போட எந்தப் பிரிவு அதிகாரம் கொடுத்தது என்று அரசு சொல்கிறதோ அந்தப் பிரிவு, சொல்லுக்குச் சொல். பிறகு வலதுபுறத்தில் எந்தச் சொல் இடதுபுறத்தைத் தாங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொல்வார். கோடு போட முடியவில்லை என்றால் விதி அந்தரத்தில் தொங்குகிறது.

உப்பு விதிக்கு அரசு காட்டிய பிரிவு 23(1ஏ)(எஃப்). உணவாகப் பயன்படுத்தினால் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பொருளின் விற்பனையைத் தடை செய்ய அது அதிகாரம் தருகிறது. இப்போது கோடு போட்டுப் பாருங்கள். "விற்பனையைத் தடை செய்தல்" பொருந்துகிறது. ஆனால் எந்தப் பொருளின் விற்பனையை? கேடு விளைவிக்கக்கூடிய பொருளின் விற்பனையை. அயோடின் கலக்காத உப்பு கேடு செய்கிறதா? இல்லை. அயோடின் குறைவால் கழலை வருகிறது, குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது, அது உண்மைதான். ஆனால் அந்தக் கேடு சாப்பாட்டில் அயோடின் போதாததால் வருவது. உப்பிலிருந்து வருவதல்ல. ஒரு பொருளில் நல்லது ஒன்று இல்லை என்பதும் அந்தப் பொருளே கெட்டது என்பதும் வேறு வேறு. வலது பாதியில் இருந்த அதிகாரம் இரண்டாவதற்கு மட்டுமே.

உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 4 அன்று, அகாடமி ஆஃப் நியூட்ரிஷன் இம்ப்ரூவ்மென்ட் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், இதைத்தான் சொன்னது. நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு. கலப்படத்தைத் தடுப்பதற்கான சட்டத்தை வைத்துக்கொண்டு, மக்களுக்குச் சத்து சேர்க்கும் திட்டத்தைத் தண்டனையோடு திணிக்க முடியாது, விதி தாய்ச்சட்டத்தின் வரம்பை மீறியது என்பதே முடிவு. அண்ணாச்சி கேட்டதும் அதுதானே!

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெரும்பாலான சட்டங்களில் "இச்சட்டத்தைச் செயல்படுத்துவதற்காக" விதிகள் செய்யலாம் என்று ஒரு பொதுவான வரி இருக்கும். குறிப்பான பிரிவு கைகொடுக்காதபோது அரசுத் தரப்பு இந்த வரியைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரி ஓரளவுக்கு அகலமானதுதான், பட்டியலில் இல்லாத சில விஷயங்களுக்கும் விதி போடலாம். ஆனால் செயல்படுத்துவது என்றால் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைச் செயல்படுத்துவது. சட்டம் நினைக்காத ஒரு புதிய கடமையை உருவாக்க அது பயன்படாது. விதியை நாடாளுமன்றத்தின் மேசையில் வைத்தோம், யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதும் பதில் ஆகாது. இல்லாத அதிகாரம் அதனால் வந்துவிடாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் என்னிடம் வழக்கோடு வருகிறவர்களை ஏமாற்றியவன் ஆவேன். விதி செல்லும் என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். செல்லாது என்று காட்டும் சுமை எதிர்ப்பவர் மேல். தமிழ்நாட்டு ஆற்றுமணல் குத்தகை வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதி மோசமான கொள்கை, வேறு நல்ல வழி இருந்தது என்றெல்லாம் வாதாடினால் கதவு திறக்காது. உப்பு வழக்கிலும் அயோடின் உப்பு கெடுதல் என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை, அப்படிக் காட்ட ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. இந்தத் தீர்ப்பைக் காட்டி அயோடினுக்கு எதிராக வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் தயவுசெய்து தீர்ப்பைப் படியுங்கள்.

தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. விதி செல்லாது என்று சொல்லிவிட்டு, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, தடை இன்னும் ஆறு மாதம் தொடரட்டும், அதற்குள் அரசு மறுஆய்வு செய்து முறையான சட்டமோ சட்டப்படியான வேறு நடவடிக்கையோ எடுக்கட்டும் என்றது. பொது சுகாதாரத்தில் திடீர் வெற்றிடம் வரக் கூடாது என்ற கவலை புரிகிறது. ஆனால் அதிகாரமே இல்லாமல் பிறந்த ஒரு தண்டனை விதி, அப்படித் தீர்ப்பான பிறகும் ஆறு மாதம் உயிரோடு இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைந்தபட்சம் அந்தக் காலத்தில் யார் மீதும் குற்ற வழக்கு கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 2011 ஆகஸ்ட் 5 அன்று பழைய சட்டம் போய், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. அதில் 2.3.12ஐ எடுத்துப் படியுங்கள். 44-I விதியின் அதே வாக்கியம்தான். கால்நடைக்கு, பதப்படுத்த, மருந்து தயாரிக்க, தொழிற்சாலைக்கு விற்கலாம் என்ற விலக்குகள்கூட அப்படியே.

அதே வாக்கியம்தானே, அதுவும் செல்லாதுதானே என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். அவசரப்படக் கூடாது. தாளின் இடது பாதி மாறவில்லை, வலது பாதி மாறிவிட்டது. பழைய சட்டத்தின் நோக்கம் கலப்படத் தடுப்பு. புதிய சட்டத்தின் முகவுரையே பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த உணவு கிடைக்கச் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. பொது சுகாதார நலன் கருதித் தடை செய்யப்பட்ட உணவை விற்கக் கூடாது என்று 26ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அங்கே கோடு போட இடம் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் நீளும் என்பதைப் புதிதாகத்தான் வாதாட வேண்டும், 2011 தீர்ப்பை மட்டும் நீட்டினால் போதாது.

அண்ணாச்சி இப்போது பாக்கெட் உப்புதான் விற்கிறார். கல்லுப்பு மூட்டை வைத்திருந்த இடத்தில் தண்ணீர் கேன்கள்.