பிரிப்பது எளிது, ஆர்டர் மாட்யூல் விழுந்து எழுவதுதான் கஷ்டம்

முதலில் என் டிரேடிங் பாட் ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட். விலையை வாங்குவது, சிக்னல் கணக்கிடுவது, ஆர்டர் போடுவது எல்லாம் ஒரே லூப்பில் ஓடின. ஒருநாள் விலை வரும் வெப்சாக்கெட் அறுந்தது. அந்த எக்செப்ஷனை நான் கையாளாததால் ஸ்கிரிப்ட் மொத்தமும் நின்றது. பொசிஷன் திறந்தே கிடந்தது, அதன் ஸ்டாப்லாஸைக் கவனித்ததும் அதே ஸ்கிரிப்ட்தான்.

அப்புறம் மூன்று தனி ப்ராசஸாகப் பிரித்து, நடுவே க்யூவாக ரெடிஸ் ஸ்ட்ரீம்ஸ் வைத்தேன். இப்போது டேட்டா பகுதி விழுந்தாலும் ஆர்டர் பகுதி ஓடுகிறது. ஸ்டாப்லாஸையும் ப்ரோக்கரிடமே ஆர்டராகப் போட்டுவிடுகிறேன். பலரும் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கருத்தில் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

ஆர்டர் மாட்யூல் ஒரு சிக்னலைப் படித்து ப்ரோக்கருக்கு அனுப்பிவிட்டது, ஆனால் வேலை முடிந்தது என்று க்யூவுக்கு `XACK` சொல்வதற்குள் விழுந்தது என்று வையுங்கள். க்யூவைப் பொறுத்தவரை அந்த வேலை இன்னும் முடியவில்லை. மாட்யூல் எழுந்ததும் தன் பெயரில் நிலுவையில் உள்ளதைக் கேட்கும்:

```
XREADGROUP GROUP orders o1 COUNT 10 STREAMS signals 0
```

கடைசியில் உள்ள `0` நிலுவையைத் தரும், புதியவை வேண்டுமென்றால் `>`. அதே சிக்னல் திரும்ப வரும். யோசிக்காமல் அனுப்பினால் 50 வாங்க நினைத்த இடத்தில் 100 வாங்கியிருப்போம். எனக்கு இது நடந்தது. ஆர்டர் புக்கில் சில நொடி இடைவெளியில் ஒரே மாதிரி இரண்டு வரிகள் இருந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே சிக்னல் பிறக்கும்போதே அதற்கு ஒரு ஐடி கொடுக்கிறேன். ஆர்டரோடு அனுப்பும் டேக்கிலும் அதே ஐடி போகிறது. நிலுவையில் வந்த எதையும் அனுப்பும் முன், ப்ரோக்கரின் ஆர்டர் பட்டியலில் அந்த ஐடி இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் `XACK` மட்டும்தான்.

அடுத்தது பழைய சிக்னல். ஆர்டர் மாட்யூல் பத்து நிமிடம் செத்துக்கிடந்தால், அவ்வளவு நேரச் சிக்னல்களும் க்யூவில் காத்திருக்கும். எழுந்ததும் எல்லாவற்றையும் இப்போதைய விலையில் போட்டுத்தள்ளும். ஒரே ப்ராசஸாக இருந்தபோது இந்த ஆபத்து கிடையாது, இது க்யூ கொண்டுவந்தது. அதனால் ஒவ்வொரு சிக்னலிலும் காலாவதி நேரம் வைக்கிறேன். என் உத்திக்கு 5 நொடி, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

ஆனால் காலாவதியானது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போடக்கூடாது. உள்ளே நுழையும் சிக்னல் பழையதானால் போகட்டும். வெளியேறும் சிக்னலைக் கைவிட்டால் பொசிஷன் அநாதையாக நிற்கும். அதற்கு மட்டும் ப்ரோக்கரிடம் உள்ள பொசிஷனைக் கேட்டு, மீதம் இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் மூடுகிறேன்.

இவ்வளவும் சரியா என்று பார்க்க, பேப்பர் டிரேடிங் கணக்கில் ஆர்டர் அனுப்பும் வரிக்கும் `XACK` வரிக்கும் நடுவே 10 நொடி `sleep` வைத்து, அந்த இடைவெளியில் `kill -9` அடியுங்கள். திரும்பக் கிளப்பியபின் ஆர்டர் புக்கில் ஒரே ஒரு வரிதான் இருக்க வேண்டும்.