2017இல் பேசிய கட்டணம்

ஈரோட்டில் சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்து ரிட்டர்ன் தாக்கல் செய்வது என் தொழில். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் என்னிடமே இருக்கிறார்கள். அன்று பேசிய மாதக் கட்டணமும் 2024 தொடக்கம் வரை அப்படியே இருந்தது என்பதுதான் சிக்கல். புதிதாக வருபவரிடம் இன்றைய கட்டணத்தைச் சொல்ல எனக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை. பழையவரிடம்தான் வாய் வராது. ஏழு ஆண்டு தேநீர் வாங்கிக் கொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது என்று தள்ளிப்போட்டதில், மிகவும் வேண்டியவர்களுக்கே மிகக் குறைந்த கட்டணத்தில், உள்ளூர ஒரு சலிப்போடு வேலை செய்துகொண்டிருந்தேன்.

இதில் ஒருமுறை நான் தோற்றிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். "விலைவாசி உயர்வு காரணமாகக் கட்டணம் சற்று உயர்த்தப்படுகிறது, தங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறோம்" என்பது அதன் சாரம். எவ்வளவு என்று அதில் இல்லை, எந்தத் தேதியிலிருந்து என்றும் இல்லை. பலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் பழைய தொகையையே அனுப்பினார்கள். நானும் பழைய தொகைக்கே ரசீது கொடுத்தேன். நான்கு மாதத்தில் அந்த உயர்வு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அவர்கள் மறுத்ததாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் மறுப்பதற்கோ ஏற்பதற்கோ நான் எதையும் முன்வைக்கவே இல்லை. விலைவாசியைக் காரணம் சொன்னது இன்னொரு பிழை. விலைவாசி வாடிக்கையாளருக்கும்தான் ஏறியிருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொன்ன உடனே பேச்சு யாருக்குக் கஷ்டம் அதிகம் என்பதற்குப் போய்விடும், அதில் வணிகரை வெல்ல முடியாது.

2024இல் வேறு வழியில் போனேன். கட்டணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் வேலையை எண்ணினேன். நூல் வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். 2017இல் அவருக்கு விற்பனையும் கொள்முதலும் சேர்த்து மாதம் 60 பில் இருக்கும், எனக்கு மூன்று மணி நேர வேலை, கட்டணம் 1,500 ரூபாய். 2024 தொடக்கத்தில் பில் 140 ஆகியிருந்தது. எண்ணிக்கையைவிட வேலையின் தன்மைதான் அதிகம் மாறியிருந்தது. 2022 ஜனவரி முதல், விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டி அது ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் தரும் நம் 2பி அறிக்கையில் வந்தால்தான் உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியை, நம் வரியில் கழித்துக்கொள்ள முடியும் என்றாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி 2பி வந்ததும் அதைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றுக்கு விற்றவரைத் தொலைபேசியில் துரத்த வேண்டும். 2023 ஆகஸ்டில், விற்பனை பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் கட்டாயம் 5 கோடி விற்றுமுதலுக்கு மேற்பட்டவர்கள் வரை இறங்கி வந்தபோது அவரும் அதற்குள் வந்தார். எல்லாம் சேர்த்து மாதம் ஒன்பது மணி நேரம். மணிக்கு 500 ரூபாய் என்றிருந்தது 167 ரூபாயாக ஆகியிருந்தது. இரண்டு மாதம் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்த பிறகுதான் இது எனக்கே தெரிந்தது.

அடுத்ததாக, ஆளுக்கொரு தொகை என்பதை விட்டு ஓர் அட்டவணை போட்டேன். மாதம் 50 பில் வரை 1,800, நூறு வரை 2,500, அதற்கு மேல் 3,000, இ-இன்வாய்ஸ் இருந்தால் கூடுதலாக 500. ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள் கட்டணத்தைப் பற்றிக் கட்டாயம் பேசிக்கொள்வார்கள். "அவனுக்கு ரெண்டாயிரம், எனக்கு மட்டும் மூவாயிரமா" என்ற கேள்விக்கு, பில் எண்ணிக்கை என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் செல்லாது. இந்த அட்டவணைப்படி நூல் வியாபாரிக்கு 3,500 வரும். அப்போதும் பழைய மணிக்கணக்கை அது எட்டவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் அந்த அளவு வேலைக்கு மற்றவர்கள் வாங்குவது அதை ஒட்டித்தான் இருந்தது, அதற்கு மேல் போயிருந்தால் அவர் விசாரிக்கத் தொடங்குவது நியாயமே.

எத்தனை பேரை இழந்தால் தாங்கும் என்பதையும் முன்பே கணக்கிட்டேன். என்னிடம் 36 பேர் இருந்தார்கள். சராசரியாக 40 விழுக்காடு உயர்த்தினால், 36ஐ 1.4ஆல் வகுக்க, 26 பேர் இருந்தாலே பழைய வருமானம் வந்துவிடும். பத்துப் பேர் போனாலும் கையைக் கடிக்காது என்று தெரிந்த பிறகு என் குரலில் இருந்த நடுக்கம் போய்விட்டது. பெரிய கட்டணம் தருபவர் ஒருவர் போனால் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் எல்லோரிடமும் ஒரே நாளில் போகாமல், முதலில் ஆறு பேரிடம் மட்டும் போனேன். ஆறில் மூவர் முகம் சுளித்தால் அட்டவணையில் தவறு என்று வைத்துக்கொண்டேன். ஒருவர்தான் சுளித்தார்.

1,500இலிருந்து 3,500 என்பது பெரிய தாவல். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்த்தியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது, அது என் தவறு. இப்படிப் பின்தங்கியவர்கள் இரண்டு படியாக உயர்த்தலாம் என்பது என் கருத்து, ஆனால் இரண்டு படியையும் ஒரே கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். முதல் படியை மட்டும் சொல்லி, ஆறு மாதம் கழித்து இரண்டாவதோடு வருபவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

நேரமும் முக்கியம். எங்கள் தொழிலில் 11ஆம் தேதி விற்பனை விவரமும் 20ஆம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்னும் தாக்கலாக வேண்டும். அந்த நாட்களில் கட்டணப் பேச்சை எடுத்தால் கழுத்தில் கத்தி வைப்பது போலிருக்கும். நிதியாண்டு முடியும் மார்ச் மாதமும் ஆகாது. பிப்ரவரி கடைசி வாரத்தில் நேரில் போய் இரண்டு நிமிடம் சொன்னேன், அன்று மாலையே கடிதம் அனுப்பினேன். கடிதம் முதலில் போனால் சிலர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். நேரில் மட்டும் சொன்னாலோ, "அப்படியா சொன்னீங்க" என்று பிறகு கேட்பார்கள். நூல் வியாபாரிக்கு அனுப்பிய கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இன்று நேரில் பேசியதை எழுத்திலும் தெரிவிக்கிறேன். தங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி கணக்குக்கான மாதக் கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 2,500 ரூபாயாகவும், அக்டோபர் 1 முதல் 3,500 ரூபாயாகவும் இருக்கும். இதற்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி, அதைத் தாங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய கட்டணம் 2017இல் மாதம் 60 பில்லுக்குப் பேசியது. இப்போது 140 பில்லும், 2பி ஒப்பீடும், இ-இன்வாய்ஸும் சேர்ந்துள்ளன. இவை அனைத்தும் புதிய கட்டணத்தில் அடங்கும். விற்பனை பில்கள் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கிடைத்தால் 11ஆம் தேதி தாக்கலுக்கு வசதியாக இருக்கும். மார்ச் மாதக் கணக்கு வரை பழைய கட்டணமே. இனி ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் பில் எண்ணிக்கையைப் பார்த்துக் கட்டணத்தைப் பேசிக்கொள்வோம். சம்மதம் என்றால் மார்ச் 10ஆம் தேதிக்குள் ஒரு வரி பதில் அனுப்புங்கள். வேறு ஏற்பாடு செய்துகொள்ள விரும்பினால் எல்லாக் கோப்புகளையும் ஒப்படைத்து, புதியவருக்கு ஒரு மாதம் உதவுகிறேன்."

இதில் மன்னிப்பு இல்லை என்பதைக் கவனிக்கலாம். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற சொற்றொடரும் இல்லை, அது கரண்ட் நிறுத்த அறிவிப்புக்கு உரியது. தொகையும் தேதியும் தொடக்கத்திலேயே இருக்கின்றன, ஏனெனில் வணிகர் முதலில் தேடுவது அதைத்தான். மன்னிப்போடும் முகமனோடும் தொடங்கினால் தொகை வரும்போது அவர் எரிச்சலில் இருப்பார். காரணம் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. நீண்ட விளக்கம் பேரத்துக்கு அழைப்பாகிவிடும். கடைசி வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, போகச் சொல்வது போலிருக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கும் கடவுச்சொல்லும் நம் கையில் இருப்பதால் அவர் சிக்கிக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு அவருக்கு வந்துவிடக் கூடாது.

"பார்க்கலாம்" என்ற பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் மார்ச் 10 கழிந்ததும் பதில் தராதவர்களை ஒவ்வொருவராக அழைத்தேன். கட்டணம் தாங்காது என்று மனதாரச் சொன்ன இருவரிடம் தொகையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்தேன். பில்களை டேலி கணக்கு மென்பொருளில் அவர்களே ஏற்றித் தருவார்கள், நான் ஒப்பிட்டுத் தாக்கல் மட்டும் செய்வேன், கட்டணம் 1,500. வேலை குறையாமல் தொகையை மட்டும் குறைத்திருந்தால், முதலில் சொன்ன தொகை பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். விற்றுமுதலில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் மளிகைக் கடைக்காரர்கள் சிலருக்கு எதையும் உயர்த்தவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த வேலை இத்தனை ஆண்டில் பெரிதாக மாறவே இல்லை.

ஏப்ரல் மாதக் கணக்குக்குப் புதிய தொகைக்கே பில் போட்டேன். பழக்கத்தில் பழைய தொகையை அனுப்பிய மூவரிடம் அன்றே மீதியைக் கேட்டேன். அந்த முதல் பில்லில் கண்ணை மூடிக்கொண்டால் 2021தான் திரும்பி வரும். எதிர்பாராத சின்னக் குழப்பம் ஒன்றும் வந்தது. ஆண்டுக் கட்டணம் அன்றைய 30,000 ரூபாய் வரம்பைத் தாண்டியதால், நூல் வியாபாரியின் ஆடிட்டர் என் வருமான வரிக் கணக்கில் கட்ட 10 விழுக்காடு டிடிஎஸ் பிடிக்கச் சொன்னார். தொகை குறைந்து வந்ததைப் பார்த்து அவர் பேரம் பேசுகிறார் என்று நான் ஒரு நாள் முழுக்கத் தப்பாக நினைத்திருந்தேன். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000 ஆகிவிட்டது.

36 பேரில் நான்கு பேர் போனார்கள். அவர்களில் இருவர் மாதாமாதம் 19ஆம் தேதி இரவு பில் கட்டோடு வருபவர்கள். நான் மிகவும் பயந்துகொண்டு போனது நூல் வியாபாரியிடம்தான். கடிதம் கிடைத்த மறுநாள் அவரே அழைத்தார். "கட்டணமெல்லாம் சரிங்க தம்பி, அஞ்சாந்தேதிக்குள்ள பில்லு கேக்கறீங்க பாருங்க, அதுதான் ஆகாதுங்க" என்றார். ஏழாம் தேதி என்று பேசி முடித்தோம்.