பட்டியலை அழித்துவிட்டேன் என்று சொல்வதற்கு முன்

எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்துக்காக 186 பேரின் பெயர், கைப்பேசி எண், ஊர், உணவு விருப்பம் ஆகியவற்றைக் கூகுள் ஷீட்டில் தொகுத்திருந்தோம். கூட்டம் முடிந்த அன்றிரவே அதை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுநாள் ஓர் உறுப்பினர் அழைத்து, "என் நம்பர் இப்போது யாரிடமெல்லாம் இருக்கிறது, அண்ணா?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து தேடினேன். நான் அழித்த கோப்பு டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும். அங்கிருந்தும் நீக்கினால்தான் அது உடனே போகும். பதிவுக்குப் பயன்படுத்திய கூகுள் படிவத்திலோ, ஷீட்டை அழித்த பிறகும் அத்தனை பதில்களும் அப்படியே இருந்தன. இவை என் கையில் இருந்தவை என்பதால் பத்து நிமிடங்களில் முடிந்தன.

உதவியாளர்கள் ஆறு பேரிடம் இருந்தவைதான் கடினம். ஒருவர் ஷீட்டுக்குத் தம் கணக்கில் நகல் எடுத்திருந்தார். அந்த நகலுக்கு உரிமையாளர் அவரே என்பதால் என் கோப்பை அழிப்பது அதைத் தொடாது. உணவுக்குப் பொறுப்பேற்றவர் அதை எக்செல் கோப்பாக இறக்கி, மற்ற இருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஆகவே அவருடைய கைப்பேசியில் Downloads, WhatsApp Documents-க்குள் இருக்கும் Sent என இரண்டு இடங்களில் அது கிடந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் அச்சிட்ட தாள்களை வைத்திருந்தார்கள்.

"நகல் இருந்தால் அழித்துவிடுங்கள்" என்று குழுவில் பொதுவாக எழுதினால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, இந்த இடங்களைப் பெயர் சொல்லிக் கேட்டு, அழித்ததும் ஒரு வரி எழுதச் சொன்னேன். இது அவர்கள் மீதான சந்தேகம் அல்ல என்பதையும் முதலிலேயே சொன்னேன், ஏனெனில் கைப்பேசி தொலைந்தாலோ பழுதுபார்க்கப் போனாலோ பட்டியலும் உடன் போகும்.

"அடுத்த ஆண்டுக்கு வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் இந்த ஒரு கூட்டத்துக்கென்று வாங்கிய எண்ணை அடுத்ததற்கு வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்பதே என் உறுதியான கருத்து. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கம் நிறைவேறிய பின் தரவை அழிப்பதையே பொது விதியாகக் கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டுத் திட்டமிடலுக்குத் தேவையானது சைவம் எத்தனை, அசைவம் எத்தனை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே. அதைப் பெயரின்றிக் குறித்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அந்த உறுப்பினரை அழைத்து, ஐந்து பேர் அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்கள், தாள்களை என் முன்னாலேயே கிழித்தோம், ஒருவர் மட்டும் வெளியூரில் இருப்பதால் தம் மடிக்கணினியில் உள்ளதை வெள்ளிக்கிழமை நீக்குவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். பேருந்து ஏற்பாட்டுக்காக அவருடைய எண்ணைத் தம் தொடர்புப் பட்டியலில் சேமித்தவர் யார் என்பதையும் சொன்னேன். அதை நீக்கச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று அவரே முடிவு செய்யட்டும் என்று கேட்டபோது, நீக்கச் சொன்னார்.