சிமென்ட் மிச்சமானால் சந்தோஷப்படாதீர்கள்

தளம் போட்ட அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எத்தனை மூட்டை கூடப் போச்சு?" கூடிப்போனால் முகம் சுருங்கும். மிச்சமானால் கொத்தனாருக்குப் பாராட்டு, சில சமயம் கையில் பணமும் உண்டு. காரைக்குடிப் பக்கம் சைட் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது தலைகீழான வழக்கம். கூடியதற்குக் காரணம் கேட்க வேண்டியதுதான். ஆனால் குறைந்ததற்கு அதைவிடக் கடுமையாகக் கேட்க வேண்டும்.

பள்ளத்தூரில் ஒரு வீடு. 36-க்கு 30, அதாவது 1,080 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம். தளம் மட்டும் 450 கன அடி. தளத்துக்குக் கீழே தொங்கும் பீம்களுக்கு 81 கன அடி. மொத்தம் 531. கலவை எம்20, சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. இந்தக் கலவையில் ஒரு மூட்டை சிமென்ட் போட்டால் ஏறக்குறைய 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். அப்படியானால் 121 மூட்டை. பழைய கான்கிரீட்டோடு சேரும் இடத்தில் ஊற்றும் சிமென்ட் பால், மிஷினின் முதல் சுற்றில் டிரம்மில் ஒட்டிக்கொள்வது, இவற்றுக்கு 3 மூட்டை சேர்த்து 124 என்று முந்தைய நாளே நோட்டில் எழுதியாகிவிட்டது.

காலையில் ஷெட்டிலிருந்து இறக்கிக் கொடுத்தது 140. சாயங்காலம் பிரிக்காமல் இருந்தது 8. ஆக, செலவு 132.

வீட்டுக்கார ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். "தம்பி, 124ன்னு எழுதியிருக்கீங்க, 132 போயிருக்கு. எட்டு மூட்டை எங்கே?" ஐந்தொகை பார்த்துப் பழகிய ஊர், கேட்கத்தான் செய்வார்கள். "வேஸ்டேஜ் ஆச்சி" என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லைப் பிடிக்காது. எவ்வளவு, எங்கே என்று சொல்லாத வேஸ்டேஜ் கணக்கே கிடையாது.

முதலில் பார்த்தது காலி சாக்கு. எண்ணிக் கட்டு கட்டியபோது 132 இருந்தது. ஆக, மூட்டை வெளியே போகவில்லை, பிரித்துத்தான் கொட்டியிருக்கிறார்கள். இந்தச் சாக்கை அன்றைக்கே எண்ணிவிட வேண்டும். மறுநாள் ஜல்லி அள்ள ஒன்று, உட்கார ஒன்று, பழைய சாக்குக்காரரிடம் நாலு என்று போய்விட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

அடுத்தது மிஷின் கணக்கு. மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு பிளைவுட் துண்டைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சாக்பீஸ் கோடு, நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஐந்தாவது கோடு என்று போடச் சொல்லியிருந்தேன். அதில் 129 இருந்தது. சுற்றுக்கு ஒரு மூட்டை. மீதி 3 மூட்டை, முன்பே ஒதுக்கிய பாலுக்கும் டிரம்முக்கும் சரி. 129 சுற்று என்றால் கிட்டத்தட்ட 568 கன அடி கான்கிரீட். திட்டம் 531. ஆகவே தேட வேண்டியது எட்டு மூட்டையை அல்ல, 37 கன அடி கான்கிரீட்டை. கலந்த சரக்கு, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை மேல் எங்கோ கிடக்கிறது.

ஜல்லியையும் கேட்டுப் பார்த்தேன். முக்கால் அங்குல ஜல்லி 6 யூனிட் கொட்டியிருந்தது, யூனிட் என்றால் நூறு கன அடி, மிச்சக் குவியலை டேப் பிடித்து அளந்ததில் நாலே முக்கால் யூனிட் போயிருந்தது. 129 சுற்றுக்கு அதுதான் கணக்கு. குவியலை அளப்பது அவ்வளவு துல்லியமில்லை, அடியில் மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் போகும். அரைக்கால் யூனிட் வித்தியாசத்தை வைத்துச் சண்டை போட முடியாது. ஆனால் சிமென்டும் ஜல்லியும் சேர்ந்து ஏறியிருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள அது போதும். இரண்டும் சேர்ந்து ஏறினால் கனம் கூடியிருக்கிறது. சிமென்ட் மட்டும் ஏறினால் வேறு கதை.

சரி, கனம் எங்கே கூடியது? கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே, 5 அங்குலத்தில் கோடு போட்ட ஒரு கம்பியை அங்கங்கே குத்திப் பார்த்து, நோட்டில் தளத்தின் படம் போட்டு எழுதி வைத்திருந்தேன். பல இடங்களில் 5, 5-க்குச் சற்று மேல். 18-க்கு 14 ஹால் நடுவில் மட்டும் கோடு சரக்குக்குள் மூழ்கிவிட்டது, 6 வரை போனது. கீழே இறங்கிப் பார்த்தால் பேஸ்மென்ட் நிரப்பிய செம்மண்ணில் நின்ற முட்டுகளில் சில, பலகையோடு சேர்ந்து இறங்கியிருந்தன. காலையில் தட்டிப் பார்த்தபோது இறுக்கமாகத்தான் இருந்தன. முந்தின ராத்திரி பெய்த மழையில் ஊறிய மண், மேலே பாரம் ஏறியதும் அமுங்கிவிட்டது. மேல்மட்டத்தை மட்டப்பலகை வைத்துச் சரியாக இழுத்துவிடுவதால் மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வயிறு கீழ்ப்பக்கம்தான் தொங்கும்.

ஹாலில் சராசரியாக முக்கால் அங்குலம் கூடுதல், அது 16 கன அடி. மற்ற இடங்களில் அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அது 14. படியிலும் சாரத்திலும் சிந்தியது 7 இருக்கும், இது அளந்ததல்ல, மீதி. 37 வந்துவிட்டது. நோட்டில் இப்படியே எழுதி, கம்பி குத்திய படத்தையும் சேர்த்து, இரவே இன்ஜினியருக்கு அனுப்பினேன். முக்கால் அங்குலம் என்பது சதுர அடிக்கு நாலு கிலோவுக்கு மேல் நிரந்தரப் பாரம், அதை டிசைன் போட்டவர் தெரிந்துகொள்ள வேண்டும். பலகைக்கு மேல் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளில் நிற்கும் கம்பியும் சென்ட்ரிங்கோடு சேர்ந்து இறங்கியிருக்கும்.

இப்போது இதையே திருப்பிப் பாருங்கள். இதே தளம் 114 மூட்டையில் முடிந்திருந்தால்? ஆச்சி சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் தூங்கியிருக்க மாட்டேன். 1,080 சதுர அடியில் அரை அங்குலம் என்பது 45 கன அடி, பத்து மூட்டை. ஜல்லியும் அதே அளவில் குறைந்திருந்தால் தளம் நாலரை அங்குலம்தான் வந்திருக்கிறது. கம்பி அடியில் இருக்கிறது, அதற்கு மேலே உள்ள கனம்தான் வளைவைத் தாங்குகிறது. அந்த நாலு அங்குலத்தில் அரை அங்குலம் போனால் எட்டில் ஒரு பங்கு போயிற்று. ஜல்லி குறையாமல் சிமென்ட் மட்டும் குறைந்திருந்தால் இன்னும் மோசம். மூட்டைக்கு ஒன்றிரண்டு சட்டி மணலும் ஜல்லியும் கூடுதலாகத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ்.456, எம்20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. மணலும் ஜல்லியும் கூடினால் கலவை இறுகும், இறுகினால் தண்ணீரை ஊற்றுவார்கள், பலம் அங்கே போகும். மேலே பூசி மெழுகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அன்றைய நோட்டில் மட்டும்தான் தெரியும்.

ஆகவே மிச்ச மூட்டைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை வீட்டுக்காரர்கள் விட்டுவிட வேண்டும். கலவை போடுபவர் அந்தப் பரிசுக்காகவே சட்டியைக் குவிப்பார்.

பள்ளத்தூர் எட்டு மூட்டையில் யார் எதை ஏற்பது என்று பேச்சு வந்தது. ஹால் வயிற்றுக்குப் போனது மூன்றரை மூட்டைச் சரக்கு, அது சென்ட்ரிங் ஒப்பந்தக்காரர் கணக்கு. சீலிங் பூச்சில் அந்த வயிற்றை மறைக்கக் கூடுதலாகப் போகும் கலவையும் அவருடையதுதான். மீதி ஆச்சி கணக்கு என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் கம்பி குத்திய படத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.