தங்கையின் ஜாதகத்தில் பன்னிரண்டு மணி நேரப் பிழை

என் தங்கையின் ஜாதகக் குறிப்பேட்டில் அவள் பிறந்த நேரம் காலை 6.10 என்று இருபத்தாறு ஆண்டுகளாக இருந்தது. சென்ற மாதம் வரன் பார்க்க ஆரம்பித்தபோது, அம்மா பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து மருத்துவமனைச் சீட்டை எடுத்தார். அதில் மாலை 6.10 என்று இருந்தது. அப்பா எழுதும்போது காலை, மாலை மாறிவிட்டது.

சித்திரை மாதத்தில் சூரியன் மேஷத்தில் இருக்கும். சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டிப் பிறந்தால் லக்னமும் மேஷம். அதே நாள் மாலை பிறந்தால் லக்னம் நேர் எதிரில் உள்ள துலாம். அவளுடைய நட்சத்திரமும் ராசியும் மாறவில்லை, தசை இருப்பில்தான் சில ஆண்டுகள் மாறின. ஆனால் லக்னம் மாறினால் பன்னிரண்டு பாவங்களும் மாறும், லக்னாதிபதி செவ்வாயிலிருந்து சுக்கிரனுக்குப் போய்விடும். ஜோதிட முறைப்படியே அது வேறொருவருடைய கட்டம்.

ஆனால் அந்தக் குறிப்பேட்டின் பலன்களைப் படித்து எங்கள் வீட்டில் எத்தனை முறை வியந்திருக்கிறோம்! "வெளியே கண்டிப்பாகத் தோன்றினாலும் உள்ளே இளகிய மனம்", "பிறருக்கு உழைப்பாள், கைம்மாறு கிடைக்காது", "மனதில் பட்டதைச் சொல்வதால் சிலர் விலகுவார்கள்". திருப்பாதிரிப்புலியூர் வீட்டுத் திண்ணையில் பெரியம்மா அதை வாசிக்க, "அப்படியே இவள்தான்" என்று எல்லோரும் தலையாட்டியது இன்னும் கண்முன் நிற்கிறது. நானும் தலையாட்டியவன்தான். ஒரு நாளும் யாருக்கும் இது பொருந்தவில்லை என்று தோன்றவில்லை. இது என்னை மிகவும் கலங்க வைத்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

துலா லக்னத்துக்குப் புதிதாகப் பலன் எழுதி வாங்கினோம். நியாய உணர்வு, இரு பக்கமும் யோசிப்பது, அழகுணர்ச்சி, முடிவெடுக்கத் தயங்குவது. அம்மா படித்துவிட்டு, "இதுதான்டா சரி, நான் நினைத்தேன்" என்றார். அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது.

1948இல் அமெரிக்க உளவியல் ஆசிரியர் பெர்ட்ரம் ஃபோரர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். அடுத்த வாரம் ஒவ்வொருவரிடமும் "உன் முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள் என்பது தெரிந்தது. அதன் பெரும்பகுதி, கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது.

நம் குறிப்பேட்டு வரிகளிலும் அதே அமைப்பு இருக்கிறது. "கண்டிப்பு, ஆனால் இளகிய மனம்" என்று இரண்டு முனையையும் ஒரே வரியில் சொல்லிவிட்டால், எந்த மனிதரும் அதற்கு வெளியே நிற்க முடியாது. "உழைப்புக்கேற்ற பலன் இல்லை" என்பது பாராட்டும் ஆறுதலும் சேர்ந்தது. அதைக் கேட்கும் எவருக்கும் உடனே ஒரு பழைய மனக்குறை நினைவுக்கு வரும். அந்த நினைவு அவருடையது மட்டும்தான், அதனால் வரியும் தமக்கு மட்டுமே எழுதப்பட்டது போலத் தெரிகிறது. பொருத்தம் தாளில் இல்லை, படிப்பவர் அதைத் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்து வைக்கிறார். நல்லதைச் சொன்னதும் நாம் சாட்சி தேடத் தொடங்குகிறோம், குறை சொன்னால்தான் ஆதாரம் கேட்கிறோம்.

பழைய குறிப்பேட்டில் பதினாறு வரிகள். பன்னிரண்டு குணத்தைப் பற்றியவை, நான்கு மட்டும் சரிபார்க்கக்கூடிய செய்திகள்போல இருந்தன. "உடன்பிறந்த ஆண் இல்லை" என்று ஒன்று, நான் இருக்கிறேன். "பட்டப்படிப்பில் தடை" என்று ஒன்று, அவள் தடையில்லாமல் எம்.எஸ்சி. முடித்தாள். "இளமையில் ஊர் மாற்றம்" என்று ஒன்று, நாங்கள் இந்தத் தெருவை விட்டுப் போனதே இல்லை. இந்த மூன்றையும் வீட்டில் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவில் நின்றது நான்காவது வரி: "தண்ணீரில் கண்டம்". எங்கள் ஊரில் 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம். கடலூரில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்குத் தண்ணீர்க் கதை இல்லை?

ஆகவே ஒரு பலன் உண்மையில் உங்களுக்குரியதா என்று அறிய, "பொருந்துகிறதா" என்று கேட்டால் போதாது. "வேறு யாருக்குப் பொருந்தவில்லை" என்று கேட்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு குண வரிகளைப் பெயர் இல்லாமல் ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வீட்டு அண்ணியிடம் கொடுத்தேன், அவருடைய பலன் என்று சொல்லாமலேயே. ஒன்பதுக்குச் சரி என்று குறியிட்டார். தங்கை பத்துக்குக் குறியிட்டிருந்தாள். இடையில் உள்ள ஒரே ஒரு வரிதான் அந்த ஜாதகம் அவளைப் பற்றிக் கூடுதலாகச் சொன்னது, அதுவும் தற்செயலாக இருக்கலாம்.

அடுத்து, உறவில் ஆறு பேரின் பலன்களை ஒரே மென்பொருளில் எடுத்தோம். இந்த இடத்தில் கவனம் வேண்டும். லக்னம், ராசி, நட்சத்திரம் எல்லாவற்றையும் அடித்துவிட வேண்டும், ஏனென்றால் "மகம் ஜகம் ஆளும்" என்று கேட்டு வளர்ந்தவர் அந்தப் பெயரைப் பார்த்ததும் தம் தாளைக் கண்டுபிடித்துவிடுவார். தசை முடியும் ஆண்டு வயதைக் காட்டிக் கொடுக்கும். "புத்திர பாக்கியம்" என்ற சொல் மணமானவரா என்பதைக் காட்டும். இவற்றை நீக்கி, ஆறு தாள்களையும் ஆறு பேரிடமும் கொடுத்து, "உங்களுடையது எது" என்று கேட்டோம். ஒருவர்தான் சரியாக எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் சராசரியாக ஒருவர் சரியாக எடுப்பார். பத்துப் பேர் ஆனாலும் பத்துத் தாள்கள் என்றால் அதே ஒருவர்தான். எனவே ஒருவர் சரியாகச் சொன்னார் என்று துள்ளக் கூடாது, ஒருமுறை தவறினார்கள் என்று முடிவு கட்டவும் கூடாது. வேறு வேறு குழுக்களோடு திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

ஜோதிடர் மேல் பழி போடுவது என் நோக்கமில்லை. ஆனால் நம் நாட்டிலேயே வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் நண்பர்களும் 200 குழந்தைகளின் ஜாதகங்களைச் சேகரித்தார்கள். பாதிப் பேர் படிப்பில் சிறந்தவர்கள், பாதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். ஆளுக்கு 40 ஜாதகம் வாங்கிய 27 ஜோதிடர்கள், யார் எந்த வகை என்று எழுதி அனுப்பினார்கள். சரியானது 46 சதவீதம், காசு சுண்டினால் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவு. அங்கே தலையாட்ட யாரும் இல்லை, "வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு உண்டா?" என்று கேட்டு விடை பிடிக்கவும் வழியில்லை. நேரில் ஜோதிடரிடம் போகும்போது நீங்களும் இதையே செய்யலாம்: எதையும் சொல்லாமல் பிறந்த விவரம் மட்டும் கொடுங்கள், எந்த வரி பொய்யானால் தவறு என்று அவர் ஒப்புக்கொள்வார் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். பின்னால் "நேரம் பிசகியிருக்கும்" என்பது எங்கள் வீட்டில் செல்லாது. நேரம் பன்னிரண்டு மணி பிசகியிருந்தபோதும் எல்லாம் பொருந்தியதே!

இந்தச் சோதனை குணம் சொல்லும் வரிகளுக்குத்தான். நாளை நடக்கப்போவதைச் சொல்லும் வரிகளுக்குத் தேதி போட்டு எழுதி, உறையில் ஒட்டி வைத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பண்ருட்டியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், நாற்பது ஆண்டுகளாக ஜாதகம் பார்ப்பவர், இதைக் கேட்டு இசைந்திருக்கிறார். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பத்துப் பேர் கூடுகிறோம், பத்துப் பேருக்கும் அவரே கையால் பலன் எழுதித் தருகிறார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: பிறந்த நேரம் குறிப்பேட்டிலிருந்து கூடாது, மருத்துவமனைச் சீட்டிலிருந்து வேண்டும்.