‘ப’வுக்குப் பொட்டு எந்தப் பக்கம்?

போன வாரம் ஒரு அம்மா ஒர்க்‌ஷீட்டோடு வந்தார். "மிஸ், எல்லா எழுத்தும் புள்ளி மேலேயே போயிருக்கான். ஏன் ஸ்டார் போடல?"

நியாயமான கேள்விதான். எல்.கே.ஜி. பையன், ஐந்து வரிசை ‘ப’, ஒரு கோடுகூட விலகவில்லை.

நான் பார்த்தது பென்சிலின் அழுத்தத்தை. குழந்தை பென்சிலை ஊன்றுகிற இடத்தில் கருப்பாக ஒரு பொட்டு விழும். முடிக்கிற இடத்தில் கோடு மெலிந்து வால் மாதிரி ஓடும். இவன் தாளில் பொட்டெல்லாம் வலது மேல்முனையில், வாலெல்லாம் இடப்பக்கம். மழுங்கின பென்சில் என்றால் இது சரியாகத் தெரியாது, அதனால் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ‘ப’ போடச் சொன்னேன். வலப்பக்கம் இறங்கி, அடியில் இடப்பக்கம் போய், ஜம்மென்று மேலே ஏறினான்.

‘ப’ எப்படிப் போட்டாலும் ‘ப’தான். வம்பு ‘ம’வில் வரும். இடப்பக்கம் இறங்கி, அடிக்கோடு இழுத்து, வலப்பக்கம் ஏறி, பென்சிலை எடுக்காமல் அப்படியே உள்ளே வளைய வேண்டும். இவன் கையோ அந்த நேரத்தில் இடது முனையில் நிற்கும். பென்சிலைத் தூக்கி வந்து வலப்பக்கம் ஒரு கொக்கியை ஒட்டவைப்பான். யூ.கே.ஜி.யில் அந்தப் பழக்கத்தை மாற்ற நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். (இவன் வலக்கைப் பிள்ளை. இடக்கைப் பிள்ளைக்குக் கோட்டை வலமிருந்து இழுப்பதுதான் வசதி, அங்கே நான் இவ்வளவு கறார் இல்லை.)

அளவு விஷயத்தில் நான் தாராளம். நாலு வயதில் எழுத்து விரலிலிருந்து வருவதில்லை, முழங்கையும் தோளும் சேர்ந்துதான் எழுதுகின்றன. பெரிதாக, கோணலாக, கோட்டைத் தாண்டித்தான் வரும். வரட்டும். முதல் இரண்டு வரிசை நன்றாக இருந்து நாலாவதில் எழுத்து சரிந்தால், அது தெரியாமை இல்லை, கைவலி. அங்கே நான் திருத்துவதே இல்லை. எழுத்து குட்டியாகி, தாளின் பின்பக்கம் தடம் விழுந்தால் மட்டும் பென்சிலை எப்படி இறுக்கிப் பிடிக்கிறான் என்று பார்ப்பேன். அதற்கும் மார்க் குறைப்பதில்லை.

சிவப்புப் பேனாவும் கிடையாது, பெருக்கல் குறியும் கிடையாது. எழுதியதை அழிக்கச் சொல்வதும் இல்லை. இவனுக்கு அடுத்த வரிசையில் மூன்று ‘ப’வுக்கு மட்டும் இடது மேல்முனையில் பச்சைப் பொட்டு வைத்தேன். முதலில் தட்டில் பரப்பிய ரவையில் விரலால் ஒரு முறை. விஜயதசமிக்கு அரிசியில் எழுதவைப்போமே, அதே வேலை.

"இங்கேர்ந்துதான் பஸ் கிளம்பணுமா மிஸ்?"

"ஆமாண்டா, இதுதான் ஸ்டாண்டு."

மூன்றில் இரண்டு பஸ் சரியாகக் கிளம்பியது. மூன்றாவது பழையபடி வலப்பக்கத்திலிருந்து. அந்த இரண்டுக்கும் பக்கத்தில் ஸ்டார் போட்டு அனுப்பினேன். மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டேன், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.